விண்மீன் மினுங்குவது சொந்த ஒளியால் அல்ல

கன்னியாகுமரி மாவட்டத்தில் இயற்பியல் ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு முட்டம், சொத்தவிளை, கன்னியாகுமரி என்று கடற்கரை ஊர்களுக்குப் போய் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வானத்தைக் காட்டுவேன். விண்மீன் ஏன் மினுங்குகிறது, கோள் ஏன் மினுங்குவதில்லை என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரே பதில்தான் வருகிறது. “விண்மீனுக்குச் சொந்த ஒளி உண்டு சார், அதனால் மினுங்குகிறது. கோள் சூரிய ஒளியை வாங்கித் தருகிறது, அதனால் மினுங்காது.” ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் இதைச் சொல்கிறது, பட்டதாரித் தந்தையும் இதைச் சொல்கிறார்.

இது தவறு. இரண்டு உண்மைகளை அருகருகே படித்துவிட்டு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று யாரோ கோத்துவிட்டார்கள். விண்மீன் சொந்தமாக ஒளிர்வது உண்மை, கோள் ஒளியைத் திருப்பி அனுப்புவதும் உண்மை. மினுங்குவதற்கும் மினுங்காமலிருப்பதற்கும் அவை காரணமல்ல.

இதைப் புரியவைக்க முட்டத்துப் பாறைகளைவிட நல்ல வகுப்பறை எனக்குக் கிடைத்ததில்லை. இருட்டிய பிறகு அங்கே நின்றால் கடலில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் தெரியும். கரைக்கு அரைக் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் வள்ளத்தின் விளக்கு சீராக எரிகிறது. அடிவானத்தை ஒட்டி நிற்கும் படகின் விளக்கோ வெடுவெடுவென்று துடிக்கிறது. அலையில் படகு ஆடுவதால் அப்படித் தெரிகிறது என்று ஒரு மாணவன் சொன்னான். நல்ல சந்தேகம். ஆனால் படகின் ஆட்டத்துக்குச் சில விநாடிகள் பிடிக்கும். துடிப்போ ஒரே விநாடிக்குள் பலமுறை நிகழ்கிறது. இரண்டும் விளக்குகள், இரண்டுக்கும் சொந்த ஒளி. அப்படியிருந்தும் ஒன்று மினுங்குகிறது, மற்றொன்று மினுங்கவில்லை. வேறுபாடு தொலைவில் இருக்கிறது. தொலைவு கூடக்கூட விளக்கு நம் கண்ணுக்குப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

வானத்திலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் வியாழன் கோளும் ரோகிணி விண்மீனும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தன. இரவு ஏழரை மணிக்குக் கிழக்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. வியாழன் அசையாத தீபம்போல் இருந்தது, ரோகிணி சிவந்து துடித்தது. இரண்டின் ஒளியும் ஒரே காற்றின் வழியாகத்தான் வந்தது. ஆகவே காற்றை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நகரவும் முடியாது.

அளவைப் பார்ப்போம். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குக்கு விகலை என்று பெயர். அந்த மாதம் வியாழனின் வட்டு சுமார் 48 விகலை அகலம். இரண்டேகால் சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை 100 மீட்டர் தள்ளி வைத்தால் அவ்வளவு பெரிதாகத்தான் தெரியும். ரோகிணி உண்மையில் சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன். ஆனாலும் இங்கிருந்து அதன் அகலம் 0.02 விகலை. அதே நாணயத்தைக் கன்னியாகுமரியிலிருந்து மதுரையையும் தாண்டி வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. வெறுங்கண்ணுக்கு இரண்டுமே புள்ளிகள்தான். காற்றுக்கு அப்படியல்ல.

காற்று என்ன செய்கிறது? ஒரு நல்ல வெயில் நாளில் சிமெண்டுத் தொட்டித் தண்ணீரைக் கலக்கிவிட்டு அடித்தரையைப் பாருங்கள். ஒளிக் கோடுகள் வலைபோல் பின்னிக்கொண்டு அலையும். நீரின் மேல்பரப்பில் உள்ள மேடும் பள்ளமும் வெயிலை ஓரிடத்தில் குவிக்கின்றன, ஓரிடத்தில் பரப்பிவிடுகின்றன. காற்றிலும் சூடான பொதிகளும் குளிர்ந்த பொதிகளும் கலந்து புரள்கின்றன. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் சில கிலோமீட்டர் உயரத்தில் நடக்கும் அந்தச் சிறு வளைவு, ஒளி தரைக்கு வந்துசேர்வதற்குள் குவிதலாகவும் விரிதலாகவும் வளர்ந்துவிடுகிறது. தொட்டியின் தரையில் பார்த்த அதே வலை, விண்மீன் ஒளியால் நம் முற்றத்திலும் விழுகிறது. மிகவும் மங்கலானது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்துக் காற்று உண்டாக்கும் வலையில் ஒரு பட்டையின் அகலம் நான்கு விரற்கடை அளவில் இருக்கும். மேலே வீசும் காற்றோடு அந்த வலையும் ஓடுகிறது. வெளிச்சப் பட்டை கண்ணைக் கடக்கும்போது விண்மீன் பளிச்சிடும், இருள்பட்டை கடக்கும்போது மங்கும். அதைத்தான் மினுங்கல் என்கிறோம். பக்கத்தில் நிற்பவருக்கு அதே நொடியில் அந்த விண்மீன் மங்கியிருக்கலாம்.

இனி வியாழனுக்கு வருவோம். அதன் வட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தரையில் தனக்கென்று ஒரு வலையை வீழ்த்துகிறது. வட்டின் ஒரு விளிம்பு வீழ்த்தும் வலைக்கும் எதிர் விளிம்பு வீழ்த்தும் வலைக்கும் எவ்வளவு இடைவெளி? பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்கு 48 விகலை என்றால் சுமார் 2.3 மீட்டர் வருகிறது. நான்கு விரற்கடைப் பட்டைகள் இரண்டு மீட்டருக்கு மேல் விலகி விலகி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வெளிச்சமும் இருளும் கலந்து சமமாகிவிடும். கண்ணுக்கு மாறாத ஒளி கிடைக்கிறது. ரோகிணிக்கு இதே கணக்கைப் போட்டால் விலகல் ஒரே ஒரு மில்லிமீட்டர். பட்டைகள் கலைவதற்கு வழியே இல்லை.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கைபேசியின் டார்ச் வெளிச்சத்தில் கையை நீட்டினால் சுவரில் நிழல் கூர்மையாக விழும். டியூப்லைட்டின் கீழ் அதே கை கலங்கலான நிழலைத்தான் தரும். விண்மீன் டார்ச், கோள் டியூப்லைட். ஒளி சொந்தமா இரவலா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை.

அதே டிசம்பரின் கடைசி வாரத்தில் கன்னியாகுமரியில் விடுதி நடத்தும் நண்பர் ஒரு காணொளியை அனுப்பினார். கடலுக்கு மேலே சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஏதோ வெட்டி வெட்டி எரிகிறது, தங்கியிருப்பவர்கள் ட்ரோன் என்கிறார்கள், இன்னும் சிலர் வேறு ஏதேதோ சொல்லிப் பயப்படுகிறார்கள் என்றார். மணி ஏழரை. எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று கேட்டேன். “தென்கிழக்கு, ஆனால் கிழக்கை ஒட்டி. கையை நீட்டினால் மூன்று விரலுக்குக் கொஞ்சம் மேலே” என்றார். நீட்டிய கையின் மூன்று நடுவிரல்கள் சுமார் ஐந்து பாகை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் உதித்து ஆறு பாகை ஏறியிருப்பது சிரியஸ். “அண்ணாச்சி, அது எங்கும் போகாது, மேலேதான் ஏறும். ஒன்பது மணிக்கு மறுபடி பாருங்கள், மூன்று விரல் உயரத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்துக்கு வந்திருக்கும். நிறமெல்லாம் போய் வெள்ளையாகத் தெரியும்” என்று சொன்னேன். பைனாகுலரோடு நானும் புறப்பட்டேன்.

நிறம் ஏன் வருகிறது என்றால், ஆறு பாகை உயரத்தில் ஒளி கடக்கும் காற்று, தலைக்கு நேர்மேலே உள்ளதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. வழியில் காற்று முப்பட்டகம்போல் வேலை செய்து நீலத்தைச் சற்று அதிகமாகவும் சிவப்பைச் சற்றுக் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் நம் கண்ணுக்கு வந்துசேரும் நீலமும் சிவப்பும் மேலே வெவ்வேறு காற்றுப் பொதிகளைக் கடந்து வந்தவை. நீலம் பளிச்சிடும் நொடியில் சிவப்பு மங்கியிருக்கும், அடுத்த நொடியில் மாறும். சிரியஸ் இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் என்பதால் இந்த நிறங்களைக் கண் பிடித்துவிடுகிறது. மங்கலான விண்மீனிலும் இது நடக்கிறது, நிறம் மட்டும் நமக்குத் தெரிவதில்லை. ஒன்பது மணிக்கு உயரம் 27 பாகை; கடக்கும் காற்று இரண்டு மடங்குக்குச் சற்று மேல். துடிப்பு தணிந்தது, நிறம் வெளுத்தது, ட்ரோன் பேச்சும் அடங்கியது.

விடுதி மாடியில் அவர்களுக்கு ஒரு சோதனையைச் செய்துகாட்டினேன். பைனாகுலரில் சிரியஸைப் பிடித்துக்கொண்டு குழலை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். படம் அதிர்ந்து ஒரு வளையக் கோடு போடும். சிரியஸின் கோடு அறுந்து அறுந்து, நிற நிறமான பாசிமணி கோத்ததுபோல் தெரிந்தது. வியாழனுக்குத் திருப்பித் தட்டியபோது ஒரே நிறத்தில் வெட்டுப்படாத நாடா. கைபேசியில் அரை விநாடி ஒளித்திறப்பு வைத்து, படமெடுக்கும்போது கையை மெல்ல அசைத்தாலும் இதே வேறுபாடு பதிவாகும். ஒரு குழந்தை பத்துத் தடவையாவது தட்டிப் பார்த்தது.

மினுங்காதது கோள் என்ற விதிக்கு வரம்புகள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் அடுத்த தவறு தொடங்கும். வெள்ளிகூட அரபிக்கடலில் இறங்கும் கடைசி சில பாகைகளில் நன்றாகத் துடிக்கும். அவ்வளவு தடித்த காற்றில் அதன் வட்டும் போதுவதில்லை. புதன் பெரும்பாலும் தாழ்வாகத்தான் தெரியும், வட்டும் சிறியது, அதனால் மினுங்கும் கோளாகவே அதைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய் நம்மைவிட்டு வெகுதூரம் போகும்போது நான்கு விகலைக்கும் கீழே சுருங்கிவிடும். அப்போது மேலே சொன்ன விலகல் இருபது சென்டிமீட்டர்கூட வராது, காற்று கலங்கிய இரவில் மினுங்கல் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று சீறும் மாதங்களில் கூட்டம் நடத்தினால் எதையும் மினுங்கலை மட்டும் வைத்து நான் அடையாளம் சொல்வதில்லை. சில வாரங்கள் பார்த்து, அக்கம்பக்கத்து விண்மீன்களிடையே இடம் மாறுகிறதா என்று கவனிப்பேன். விண்மீனை நாண்மீன் என்றும் கோளைக் கோண்மீன் என்றும் நம் முன்னோரும் பிரித்தே சொன்னார்கள்.

இப்போது எனக்கு அதிகமாக வரும் காணொளிகள் வேறு வகை. கைபேசியின் பெருக்கத்தை முழுதாக இழுத்து ஒரு விண்மீனைப் படமெடுக்கிறார்கள். திரையில் வண்ண வண்ணமாக நெளியும் வட்டு வருகிறது. ‘விண்மீனின் உண்மை உருவம்’ என்று அது சுற்றுக்கு வந்துவிடுகிறது. 0.02 விகலை அகலத்தை எந்தக் கைபேசியும் வட்டாகக் காட்ட முடியாது. குவியம் தவறியதால் புள்ளி விரிந்திருக்கிறது. அந்த வட்டில் நெளிவது லென்சுக்கு முன்னால் ஓடும் காற்றின் வலை. கேமராவை அப்படியே முட்டத்து அடிவானத்துப் படகு விளக்குக்குத் திருப்பி, குவியத்தை அதேபோல் தவறவிட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே நெளிவு தெரியும்.