டிக்கெட்டில் அச்சான நேரம் வண்டியின் நேரமல்ல

ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் வாரத்தில் எங்கள் ரயில் நிலைய விசாரணை கவுண்டருக்கு முன் அதே காட்சி: கையில் டிக்கெட், முகத்தில் கோபம், வண்டியோ போய்விட்டது. இந்த முறை வந்தவர், நள்ளிரவு தாண்டி 00.10 மணிக்குப் புறப்படும் வண்டியில், ஜனவரி 4 என்ற தேதிக்கு நவம்பரிலேயே முன்பதிவு செய்திருந்தார். 3-ஆம் தேதி இரவு 11.55-க்கு, பதினைந்து நிமிடம் முன்னதாகவே, நிலையத்துக்கு வந்தார். புதிய அட்டவணையில் அந்த வண்டி எங்கள் நிலையத்தை இரவு 11.50-க்கே விட்டுவிடுகிறது.

"டிக்கெட்டில் 00.10 என்று அச்சடித்திருக்கிறீர்களே" என்பதே அவருடைய வாதம். இதைத்தான் நான் சலிக்காமல் மறுக்க வேண்டியிருக்கிறது. டிக்கெட்டில் உள்ள நேரம், நீங்கள் பதிவு செய்த நாளில் இருந்த நேரம் மட்டுமே. நேரம் மாறக்கூடும், ரயில்வே உதவி எண் 139-இல் சரிபாருங்கள் என்று மின்டிக்கெட்டின் அடியிலேயே குறிப்பு இருக்கிறது; அதை யாரும் படிப்பதில்லை. இப்போது 60 நாள் முன்பே பதிவு செய்யலாம் என்பதால், 2025 முதல் ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரும் புதிய அட்டவணைக்கு முன் வாங்கிய டிக்கெட்டுகள் பழைய நேரத்தையே தாங்கி நிற்கலாம்.

அவர் அடுத்துக் கேட்டது இன்னும் கவலைக்குரியது: "அப்படியானால் இன்றிரவு 11.50 வண்டியில் ஏறிக்கொள்ளட்டுமா? இன்றுதானே 4-ஆம் தேதி?" கூடாது. அது மறுநாள் கிளம்பிய வேறு வண்டி. அவருடைய படுக்கை முதல்நாள் கிளம்பிய வண்டியோடு போய்விட்டது. நேரம் நள்ளிரவுக் கோட்டைத் தாண்டி முந்தைய நாளின் இரவுக்கு நகரும்போது நிலையத்துக்கு வரவேண்டிய தேதியே மாறிவிடுகிறது.

புறப்படும் முதல் நிலையத்தின் நேரம் மாறவில்லை என்று நிம்மதி கொள்ளாதீர்கள். வழியில் வேகம் கூட்டப்பட்டால் இடைநிலையங்களில்தான் வண்டி முன்கூட்டி வரும். ஆகவே டிசம்பர் கடைசி வாரத்தில் ஒருமுறையும், பயணத்துக்கு முந்தைய நாள் மறுமுறையும், ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்து, நீங்கள் ஏறும் நிலையத்தின் வரியைப் பாருங்கள். நேரத்தோடு, வண்டி முதல் நிலையத்தில் கிளம்பியதிலிருந்து எத்தனையாவது நாள் என்று காட்டும், அருகிலுள்ள நாள் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 2 என்பது 1 ஆகியிருந்தால் ஒரு நாள் முன்பே வரவேண்டும். அந்த வரியே காணவில்லை என்றால் நிறுத்தம் எடுக்கப்பட்டிருக்கலாம். சார்ட் தயாராகும் வரை காத்திராமல், ஒரு நாளாவது முன்னதாக ஏறுமிடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

குறுஞ்செய்தி வரும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது பதிவின்போது கொடுத்த எண்ணுக்கே போகும். இவருடைய டிக்கெட்டை எடுத்துக் கொடுத்த முகவர் தம்முடைய எண்ணைப் போட்டிருந்தார்; செய்தி வந்திருந்தாலும் அங்கேதான் வந்திருக்கும். கவுண்டரில் படிவம் நிரப்பும்போது கைப்பேசி எண் கட்டத்தைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள்.