மைனஸ் 1.6 என்று வந்த ரிப்போர்ட்

அந்த அம்மாவுக்கு 63 வயது. தரையில் இருந்த அரை வாளித் தண்ணீரைக் குனிந்து தூக்கியபோது முதுகின் நடுவில் சுரீரென்று ஒரு வலி. சுளுக்கு என்று நினைத்து மூன்று வாரம் தைலம் தேய்த்திருக்கிறார். வலி குறையவில்லை. யாரோ சொல்லி எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, அந்தத் தாளோடு என்னிடம் வந்தார். "டாக்டர், லேசான தேய்மானம்தான், கால்சியம் போட்டால் போதும்னு சொன்னாங்க. ஆனா வலி மட்டும் போகலையே" என்றார்.

தாளில் முதுகெலும்புக்கு டி-ஸ்கோர் மைனஸ் 1.6. பக்கத்தில் 'ஆஸ்டியோபீனியா' என்று அச்சாகியிருந்தது. எலும்பு வலு இழக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று சொல்லும் அளவுக்குப் போகவில்லை என்று அதற்குப் பொருள். அதைத் தாண்டி யாரும் படிக்கவில்லை.

டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பின் அடர்த்தியை, ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் ஆஸ்டியோபீனியா. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கோடு இது. அதே தாளில் இசட்-ஸ்கோர் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 தாண்டிய ஆண்களுக்கும் டி-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். வயதுக்கேற்ற எலும்பு இருக்கிறது என்பதால் அது வலுவான எலும்பு ஆகிவிடாது.

சரி, மைனஸ் 1.6 எப்படி வந்தது? அது நான்கு எலும்புகளின் சராசரி. இடுப்புக்கு மேலே முதுகில் இருக்கும் எல்1 முதல் எல்4 வரையிலான முள்ளெலும்புகள். தாளின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் இருந்தது. எல்1 மைனஸ் 0.5, எல்2 மைனஸ் 2.2, எல்3 மைனஸ் 2.4, எல்4 மைனஸ் 1.3. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் எலும்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இவ்வளவு நன்றாக இருக்க வழியில்லை. அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே 1-க்கு மேல் வித்தியாசம் வந்தாலே அந்த எலும்பைச் சந்தேகிக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். எல்1-இன் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. வாளி தூக்கிய அன்று உடைந்தது அதுதான். ஸ்கேன் எலும்பில் உள்ள தாதுச்சத்தை அதன் பரப்பளவால் வகுத்துத்தான் அடர்த்தி சொல்கிறது. பஞ்சுத் தலையணையை அமுக்கினால் பஞ்சு கூடுவதில்லை, இடம்தான் சுருங்குகிறது. நசுங்கிய எலும்பும் அப்படித்தான். உள்ளே இருப்பது அதே தாது, பரப்பு மட்டும் குறைவு. அதனால் உடைந்த எலும்பு ஸ்கேனில் நல்ல எலும்பாகத் தெரிந்தது. எல்4-க்குக் காரணம் வேறு. அங்கே மூட்டுத் தேய்மானத்தால் ஓரங்களில் புதிதாக எலும்பு முளைத்திருந்தது, ஸ்கேன் அதையும் சேர்த்து எண்ணிவிட்டது. இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் முதுகெலும்பின் ஸ்கோர் மைனஸ் 2.3. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மைனஸ் 2.2.

இப்போதும் எண் மைனஸ் 2.5-ஐத் தொடவில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு இருந்தது ஆஸ்டியோபோரோசிஸ்தான். நின்ற உயரத்திலிருந்து விழுவது, குனிந்து ஒரு பொருளைத் தூக்குவது போன்ற சிறிய விசையில் முதுகெலும்போ இடுப்போ உடைந்தால், ஸ்கோர் என்ன சொன்னாலும் எலும்பு பலவீனமானது என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். முதல் முறிவுக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில்தான் இரண்டாவது முறிவுக்கான ஆபத்து மிக அதிகம். அதனால்தான் இந்த மூன்று வாரத் தைலம் எனக்கு அவ்வளவு வருத்தத்தைத் தந்தது.

முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன. சிலருக்கு வலிகூட இருக்காது, உயரம் மட்டும் குறையும். அவரை அளந்து பார்த்தேன், 152 சென்டிமீட்டர். இளம் வயதில் 157 என்று அவருக்கு நினைவிருந்தது. 4 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் குறைந்திருந்தால், ஸ்கோர் எவ்வளவு இருந்தாலும் முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே கேளுங்கள்.

அப்புறம் கால்சியம். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அதோடு சேர்த்தே இரண்டு கால்சியம் கார்பனேட் மாத்திரைகள் போட்டுக்கொண்டிருந்தார். இதில் மூன்று தவறுகள். கால்சியம், தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாது, நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கார்பனேட் வகை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் குடல் உறிஞ்சும் பங்கு குறைந்துவிடும். அட்டையில் 1250 என்று போட்டிருந்தாலும் அது கார்பனேட்டின் எடை. அதில் கால்சியம் 500 மில்லிகிராம்தான்.

50 தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும். அவர் குடிக்கும் 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240, ஒரு கிண்ணம் தயிரில் 180, மற்ற உணவில் 250 என்று கணக்குப் போட்டோம். 670 வந்தது. மீதிக்கு மதியச் சாப்பாட்டோடு ஒரே ஒரு மாத்திரை போதும். இரண்டாவதை நிறுத்தினேன். தேவைக்கு மேல் போகும் கால்சியம் எலும்பில் போய் உட்காராது, சிறுநீரகக் கல்லுக்குத்தான் வழி செய்யும்.

ஆனால் இவ்வளவு சரியாகக் கால்சியம் போட்டாலும் உடைந்த எலும்புக்காரருக்கு அது போதாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பைக் கரைக்கும் செல்கள் கட்டும் செல்களை முந்திக்கொள்கின்றன. செங்கல் கொண்டுவந்து இறக்குவதால் மட்டும் இடிக்கிறவர்கள் நிறுத்திவிட மாட்டார்கள். அதைத் தடுக்கத் தனி மருந்து வேண்டும். வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இவருடைய காலை வயிறு ஏற்கெனவே தைராய்டு மாத்திரைக்கு ஒதுக்கியது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராமைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு முன்பே சிறுநீரகச் செயல்பாடு, கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு அளவு எல்லாம் பார்த்தோம். எலும்பை அரிக்கும் ரத்தப் புற்றுநோய் ஏதும் காரணமில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். வைட்டமின் டி குறைவாக இருந்தது. அதை முதலில் சரிசெய்யாமல் மருந்தை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பல் பிடுங்கும் வேலை ஏதாவது இருந்தால் முன்பே முடித்துவிடச் சொன்னேன். ஊசிக்குப்பின் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தன, தானாகவே போய்விட்டன.

வாளியைத் தூக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. முதுகை வளைத்துக் குனியும்போது எடை முழுவதும் முள்ளெலும்பின் முன்பக்கத்தில் இறங்குகிறது, எல்1 நசுங்கியதும் அந்தப் பக்கம்தான். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பொருளை உடம்போடு ஒட்டித் தூக்க என் அறையிலேயே ஒரு காலி வாளியை வைத்துப் பத்து முறை செய்யச் சொன்னேன். அடுத்த ஸ்கேனை அதே இயந்திரத்தில் எடுக்கவும், எல்1-ஐயும் எல்4-ஐயும் விட்டுவிட்டு எல்2, எல்3-ஐ மட்டும் கணக்கிடவும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.