மூடாத டிராவர்ஸைப் பங்கிட்டு மூடாதீர்கள்

A, B, C, D என்ற நான்கு நிலையங்களை வரிசையாக இணைத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு நில அளவைச் சுற்று, அதாவது டிராவர்ஸ். கோணங்களைத் தியோடலைட்டிலும் நீளங்களை டேப்பிலும் அளந்தது. உள்கோணங்களின் கூட்டல் 360°00′40″ வந்தது. 40 விநாடி மிகை என்பதால் கோணத்துக்கு 10 விநாடி வீதம் குறைத்தோம். திருத்திய கோணங்களிலிருந்துதான் ஒவ்வொரு பக்கமும் வடக்கோடு செய்யும் திசைகோணத்தைக் கணக்கிட்டோம். இந்த வரிசை மாறக்கூடாது.

அடுத்து வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு நகர்வுகளைக் கூட்டினால் இரண்டும் சுழியாக வேண்டும். வடக்கில் 0.95 மீட்டரும் கிழக்கில் 0.37 மீட்டரும் மிஞ்சின. இரண்டும் சேர்ந்து, தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் உள்ள இடைவெளியான மூடுபிழை 1.02 மீட்டர். மொத்தச் சுற்றளவு 303 மீட்டர்தான், அதாவது ஏறக்குறைய 1:300.

உடன் வேலை செய்த இளைஞர், "பௌடிச் விதிப்படி பங்கிட்டுவிடலாமா சார்?" என்று கேட்டார். பக்க நீளத்தின் விகிதத்தில் பிழையைப் பிரித்துக் கொடுத்தால் கணக்கு அழகாக மூடிவிடும். ஆனால் இது பிரிக்கக்கூடிய பிழை அல்ல. கோணங்கள் அவ்வளவு நன்றாக மூடியிருக்கும்போது ஒரு மீட்டர் போனால், நீளத்தில்தான் தவறு.

எந்தப் பக்கம் என்பதை மூடுபிழையின் திசையே காட்டும். வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 21 டிகிரி. AB பக்கத்தின் திசைகோணம் 22°37′, CD-யுடையது 202°37′. இரண்டும் ஒரே கோட்டுத்திசை, ஆகவே இரண்டின்மேலும் சந்தேகம். திரும்ப அளந்தோம். AB சரி. CD 78.00 மீட்டர், ஃபீல்டு புக்கில் 77.00 என்று எழுதியிருந்தது.

திருத்தியதும் மிஞ்சியது வடக்கில் +0.03, கிழக்கில் −0.02. மூடுபிழை 3.6 சென்டிமீட்டர், விகிதம் சுமார் 1:8400. இப்போது பங்கிடலாம். CD-யின் பங்கு 78/304.1. ஆக வடக்கு நகர்வில் 8 மில்லிமீட்டர் குறைத்து, கிழக்கில் 5 மில்லிமீட்டர் கூட்டினோம்.

முதலிலேயே பங்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். CD-யில் நடந்த தவறுக்காக, ஒழுங்காக அளந்த C நிலையம் அரை மீட்டர் நகர்ந்திருக்கும். D-யோ பங்கிட்ட பிறகும் கால் மீட்டர் தள்ளி நின்றிருக்கும். மனை மூலைகளின் ஆயத்தொலைவுகளை இந்த நிலையங்களிலிருந்துதான் எடுக்கிறோம். C-யிலிருந்து குறித்த எல்லைக்கல் பக்கத்து மனைக்குள் போயிருக்கும். கணக்குத்தாளில் மட்டும் எல்லாம் சுழி.

காம்பஸ் டிராவர்ஸில் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊசி விலகும். ஒரு பக்கத்தின் முன் திசைகோணத்துக்கும் பின் திசைகோணத்துக்கும் 180 டிகிரி வித்தியாசம் இல்லையென்றால், அந்த நிலையங்களைச் சரிசெய்த பிறகே மூடுபிழைக்கு வாருங்கள்.

மூடுபிழை காட்டவே காட்டாத தவறும் ஒன்று உண்டு. 30 மீட்டர் டேப் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் குறைவாகப் பதிவாகும். டிராவர்ஸ் ஒழுங்காக மூடும். பரப்பளவோ 1500-இல் ஒரு பங்கு குறையும். டேப்பைத் தர டேப்போடு ஒப்பிட்டால்தான் அது தெரியவரும்.