டான்ஸ் மேட்: மிதி பதியாததற்குக் காரணம், முந்தைய மிதி விடுபடாததுதான்

பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேமில் அம்புகளைக் காலால் மிதித்து ஆடுவதற்கான மெத்தை வகை டான்ஸ் மேட்டைப் பழுது என்று கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "இடது அம்பை மிதிக்கிறேன், பதியவே மாட்டேங்குது." இன்னும் அழுத்தி மிதிக்கலாம் என்று தோன்றும். அதுதான் மேட்டைச் சீக்கிரம் கெடுக்கிறது.

உறைக்குள் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு தாள்கள் இருக்கின்றன. நடுவில் ஓட்டைகள் போட்ட ஸ்பாஞ்சு. மிதித்தால் ஓட்டை வழியாக மேல்தாள் கீழ்த்தாளைத் தொடும், காலை எடுத்தால் ஸ்பாஞ்சு அவற்றைப் பிரிக்கும். தாள்கள் புதிதாகத் தொடும் கணத்தைத்தான் ஆட்டம் ஓர் அடியாகக் கணக்கிடுகிறது. ஸ்பாஞ்சு நசுங்கித் தாள்கள் பிரியாமல் கிடந்தால், அடுத்த மிதி எவ்வளவு பலமாக இருந்தாலும் அது புதிய அடி ஆகாது. அம்பின் மேலேயே பாதத்தை ஊன்றி நின்றாலும் இதே கதைதான்.

சோதிக்க மேட்டை பிளேஸ்டேஷனின் முதல் போர்ட்டில் முழுமையாகச் செருகி, ஆட்டத்தின் மெனுவைத் திறந்து வையுங்கள். காலால் வேண்டாம், உள்ளங்கையால் அழுத்துங்கள். அம்பின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் தலா 5 முறை போதும். கையை எடுத்த பிறகும் தேர்வு தானாக நகர்ந்துகொண்டே போனால் தாள்கள் பிரியவில்லை. நடுவில் வேலை செய்து ஓரத்தில் செய்யாவிட்டால் உள்ளே ஸ்பாஞ்சு இடம்மாறியிருக்கலாம். எங்கே அழுத்தினாலும் ஒன்றுமே வராவிட்டால், மடிப்பில் பூச்சு விரிசல் விட்டிருக்கலாம், அல்லது ஒயர் அறுந்திருக்கலாம். பூச்சு விரிசல் விட்டிருந்தால் வீட்டில் சரிசெய்வது பெரும்பாலும் வீண்வேலை.

எல்லா அம்புகளும் ஒரே மாதிரி தாமதமாகப் பதிந்தால் குறை மேட்டில் இல்லை. டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது. அதன் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள்.

தாள்கள் பிரியாத மேட்டுக்கு முதலில் தரையைப் பாருங்கள். கம்பளத்தின் மேல் மேட் சுருங்கி, அந்தச் சுருக்கமே தாள்களைச் சேர்த்து அழுத்தும். கெட்டியான சமதளத்தில் விரித்து, விளிம்புகளை இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மேட்டின் ஒயரைப் போர்ட்டிலிருந்து கழற்றிவிட்டு, ஜிப் இருந்தால் திறந்து, ஸ்பாஞ்சின் ஓட்டைகள் அம்புகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்துங்கள். பூச்சை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். தேய்ப்புத்தாள் பட்டால் பூச்சு போய்விடும். மிகவும் நசுங்கிய இடத்தில் அதே தடிமனில் புது ஸ்பாஞ்சு வெட்டி வைக்கலாம், ஆனால் ஓட்டைகளை அடைத்துவிடக் கூடாது.

ஆடும்போது ஷூ வேண்டாம், சாக்ஸ் போதும். ஆடி முடித்ததும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.