மும்முனை இணைப்பு வாங்கினால் கார் மும்மடங்கு வேகத்தில் சார்ஜ் ஆகுமா?

வீட்டு மின் இணைப்புகளை ஆய்வு செய்யும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. மின்சாரக் கார் வாங்கியதும், வேகமாகச் சார்ஜ் செய்யலாம் என்ற நம்பிக்கையில் ஒருமுனை இணைப்பை மும்முனைக்கு மாற்றி, சுவரில் 22 கிலோவாட் சார்ஜரும் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் சார்ஜ் ஆகும் நேரம் குறையவில்லை, சில வீடுகளில் முன்பைவிடக் கூடியும் விடுகிறது. சார்ஜர் பழுது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவன்று.

நாம் சுவரில் மாட்டுவதைச் சார்ஜர் என்று அழைத்தாலும், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் செலுத்தும் உண்மையான சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது. சுவரில் உள்ள பெட்டி பாதுகாப்பைச் சரிபார்த்து, அதிகபட்சம் இத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்று காருக்குச் சைகை அனுப்பிவிட்டு, இணைப்பைத் திறந்துவிடுகிறது. அந்த வரம்புக்குள் எவ்வளவு எடுப்பது, எத்தனை முனைகளில் எடுப்பது என்பதைக் காரின் உள் சார்ஜர் தீர்மானிக்கிறது. அது ஒருமுனைச் சார்ஜராக இருந்தால், மூன்று முனைகளும் காரின் வாசல் வரை வந்திருந்தாலும் ஒன்றை மட்டுமே அது பயன்படுத்தும்.

வேகம் எப்படிக் குறையும் என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் 40 ஆம்பியர் அனுமதி உள்ள வீடு ஒன்றில், 32 ஆம்பியர் வரை எடுக்கக்கூடிய ஒருமுனை உள் சார்ஜர் கொண்ட கார் இருப்பதாகக் கொள்வோம். இரவில் மற்றப் பயன்பாடு குறைந்திருக்கும்போது கார் 32 ஆம்பியரையும் எடுத்தால், சுமார் 7.4 கிலோவாட் கிடைக்கும். 60 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்திற்கு ஏற்ற 36 யூனிட் தேவை. மாற்றத்தில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் ஏறத்தாழ 40 யூனிட் ஓடும். ஐந்தரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இதே வீட்டுக்காரர், முனை ஒன்றுக்கு 25 ஆம்பியர் கொண்ட மும்முனை இணைப்புக்கு மாறுகிறார். வீட்டின் மொத்தத் திறன் 9.2 கிலோவாட்டிலிருந்து 17 கிலோவாட்டுக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆனால் காருக்குக் கிடைக்கும் ஒற்றை முனையின் உச்சவரம்பு 25 ஆம்பியராகத் தாழ்ந்துவிட்டது. அதே முனையில் குளிர்பதனப் பெட்டியும் சில விளக்குகளும் இருப்பதால் காரை 20 ஆம்பியருக்கு வரையறுக்க வேண்டியிருக்கிறது. கிடைப்பது 4.6 கிலோவாட், நேரம் எட்டரை மணியைத் தாண்டுகிறது. கூடுதல் திறன் முழுவதும் காரால் தொட முடியாத மற்ற இரு முனைகளில் கிடக்கிறது.

மும்முனை உள் சார்ஜர் கொண்ட காரில் நிலைமை நேர்மாறானது. முனைக்கு 16 ஆம்பியர் வீதம் 11 கிலோவாட் எடுக்கும் கார்கள் பலவற்றை ஒருமுனை இணைப்பில் சொருகினால், 32 ஆம்பியர் இருந்தும் 16 ஆம்பியரோடு நின்று 3.7 கிலோவாட்தான் எடுக்கும். மேற்சொன்ன 40 யூனிட்டுக்கு ஏறத்தாழ பதினொரு மணி நேரம் ஆகும். மும்முனையில் மூன்றே முக்கால் மணிக்குள் முடியும். இத்தகைய காருக்கு இணைப்பை மாற்றுவது நிச்சயம் பயனுள்ளது. பொதுவிடங்களில் உள்ள நேர்திசை வேகச் சார்ஜர்கள் உள் சார்ஜரைத் தவிர்த்து நேரடியாகப் பேட்டரிக்குச் செலுத்துவதால், விளம்பரத்தில் காணும் அந்தப் பெரிய கிலோவாட் எண்ணை வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

கார் எத்தனை முனைகளில் எடுக்கிறது என்பதை அறிய, தகுதி பெற்ற மின்பணியாளர் சார்ஜ் நடக்கும்போது ஒவ்வொரு முனையின் கம்பியிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் போதும். ஒரு முனையில் மட்டும் மின்னோட்டம் உயர்ந்து, நியூட்ரலிலும் ஏறத்தாழ அதே அளவு ஓடினால், அது ஒருமுனைச் சார்ஜ். பல மணி நேரம் இப்படி ஓடும்போது நியூட்ரல் இணைப்பு தளர்வாக இருந்தால் அந்த முனையம் சூடாகிக் கருகும். மும்முனை வீட்டில் நியூட்ரல் அறுந்தே போனால் சுமை குறைந்த முனையில் மின்னழுத்தம் எகிறி அங்குள்ள கருவிகள் எரிந்துபோகலாம். ஆகவே சார்ஜர் பொருத்தும் நாளிலேயே நியூட்ரல் முனையங்களை இறுக்கிச் சோதிக்கும்படி நான் வற்புறுத்துகிறேன்.

ஏற்கெனவே மும்முனைக்கு மாறிவிட்டவர்கள், காருக்கான முனையிலிருந்து ஏசியையும் வெந்நீர்க் கருவியையும் மற்ற முனைகளுக்கு மாற்றிக்கொண்டால், 25 ஆம்பியர் முனையிலும் இரவு முழுவதும் காருக்குப் போதுமான இடம் கிடைக்கும். இனி மாற நினைப்பவர்கள், விண்ணப்பத்திற்கு முன் காரின் கையேட்டில் மாறுதிசை மின்சாரச் சார்ஜிங் பகுதியைப் பார்த்து, முனைகளின் எண்ணிக்கையையும் முனை ஒன்றுக்கான ஆம்பியரையும் குறித்துக்கொண்டு, புதிய இணைப்பில் முனை ஒன்றுக்கு எத்தனை ஆம்பியர் தருவார்கள் என்று மின்வழங்கல் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.