'நாங்கள்' என்று எழுதிய கடிதம்

"நாங்கள் மேலக்காட்டை விற்பதாக இருக்கிறோம். சர்வேயர் வந்து அளந்தாராம்." எங்கள் குடும்பத்துப் பழைய கடிதங்களில் இப்படிப்பட்ட வரிகள் நிறைய உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக அவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். இந்த வரிகளை ஆங்கிலத்தில் சொல்வது சுலபம்: வீ இன்டென்ட் டு செல் த அப்பர் ஃபீல்ட். த சர்வேயர் கேம் அண்ட் மெஷர்ட் இட். பிழையே இல்லை. ஆனால் கடிதத்தின் முக்கியமான இரண்டு செய்திகள் இதில் காணாமல் போய்விட்டன.

கடிதம் அண்ணன் தங்கைக்கு எழுதியது. 'நாம்' என்று எழுதியிருந்தால் விற்பனையில் தங்கைக்கும் பங்கு உண்டு. அவர் எழுதியது 'நாங்கள்'. தங்கையை வெளியே நிறுத்திவிட்டே முடிவு எடுத்திருக்கிறார்கள். அவள் ஏன் அடுத்த கடிதத்தில் கோபப்பட்டாள் என்பதற்கு விடை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'வீ' இரண்டுக்கும் பொது. அதைப் படிக்கும் பேத்திக்குக் கோபம் தெரியும், காரணம் தெரியாது. அடுத்தது 'அளந்தாராம்'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆம்', எழுதியவர் அங்கே இல்லை, யாரோ சொல்லிக் கேட்டார் என்று காட்டுகிறது. நில அளவில் பின்னால் தகராறு வந்தால் இது சின்ன விஷயமல்ல.

இது மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதில்லை. ரஷ்யாவில் பிறந்த மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதிய கட்டுரையொன்றில் காரணத்தைச் சொன்னார். எந்த மொழியாலும் எதையும் சொல்ல முடியும். எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. 'ஒரு வேலையாளை அமர்த்தினேன்' என்ற ஆங்கில வாக்கியத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். அதை ரஷ்ய மொழியில் சொல்ல வேண்டுமானால் வேலையாள் ஆணா பெண்ணா, அமர்த்தும் காரியம் முடிந்ததா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த மொழியின் இலக்கணம் பேசுபவரை விடுவதில்லை.

தமிழ் இலக்கணமும் அப்படித்தான். தன்மைப் பன்மை வந்தால், கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்று கேட்கிறது. தெலுங்கும் மலையாளமும் இதையே கேட்கின்றன. முன்னிலை வந்தால் நீயா, நீங்களா என்று கேட்கிறது. ஆங்கிலம் இவற்றைக் கேட்பதில்லை. வேறு ஒன்றைக் கேட்கிறது. "டாக்டரைப் பார்த்தேன். அவர் பயப்பட வேண்டாம் என்றார்" என்பதை எழுதும்போது கை 'ஹி' என்றோ 'ஷி' என்றோ எழுதப் போகிறது. கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி அப்படித்தான் உள்ளே நுழைகிறது. மறுபடியும் 'த டாக்டர்' என்றே எழுதித் தப்பிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். இழப்பைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். இந்தச் சேர்ப்பைப் பற்றிப் பேசுவது குறைவு, எனக்கோ அதுதான் அதிகக் கவலை. விடுபட்டது தெரியாமல் இருப்பதைவிட, இல்லாததை உண்மையென்று நம்புவது மோசம்.

எதிர்த்திசையில் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். பேரன் பாட்டிக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறான், 'யூ' என்று. தமிழில் அது 'நீ'யா, 'நீங்கள்'ஆ? இரண்டில் எதை எழுதினாலும் அந்த உறவின் நெருக்கத்தை நான் தீர்மானித்துவிடுகிறேன், பையன் அல்ல. அவன் 'அங்கிள்' என்று எழுதினால் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று போன் போட்டுக் கேட்கத்தான் வேண்டும்.

இழப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மறுமொழிபெயர்ப்பு. ஆங்கிலப் பிரதியை மட்டும் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, தமிழுக்குத் திருப்பச் சொல்ல வேண்டும். அவர் எங்கே நின்று "இது நாமா, நாங்களா?" என்று கேட்கிறாரோ, அங்கே ஓட்டை இருக்கிறது. ஆனால் அவர் கேட்காமல் ஊகித்து, ஊகம் சரியாகவும் அமைந்துவிட்டால் ஓட்டை மறைந்துவிடும். ஆகவே விடையைத் திருத்துவதைவிட, அவர் தயங்கிய இடங்களைக் குறித்துவைக்கச் சொல்வதே பயன் தரும். கண்ட ஓட்டையை அடைப்பது அவ்வளவு கடினமல்ல. 'வீ' என்பதை 'மை பிரதர்ஸ் அண்ட் ஐ' என்று விரிக்கிறேன். 'அளந்தாராம்' வருமிடத்தில் 'ஐ ஹியர்' சேர்க்கிறேன். வாக்கியம் கொஞ்சம் கனக்கிறது, மூலத்தில் மெல்ல ஒட்டியிருந்த 'ஆம்' இங்கே அழுத்தமாகக் கேட்கிறது. அதைத் தவிர்க்க வழி தெரிந்தவர் யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பத்திரங்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'நம்மில் 1ஆவது நபர்' என்று வரும். யார் யார் அந்த 'நம்' என்பது முதல் பக்கத்திலேயே பெயரும் முகவரியுமாக இருக்கிறது. ஆங்கிலப் பத்திர நடையிலும் அதற்கு 'பார்ட்டீஸ்' என்ற தயார்ச் சொல் உண்டு. வழக்குக்குப் பயந்து எழுதியவர்கள் எதையும் இலக்கணத்தை நம்பி விடவில்லை. அண்ணன் தங்கைக்கு எழுதும்போதுதான் எல்லாவற்றையும் ஒரு விகுதியிடம் ஒப்படைத்துவிடுகிறார்.