அடுக்குக்குறிச் சீராக்கம்: ஏறும் பார்சல் எண்ணிக்கைக்கு

பழைய வாரங்களின் எண்ணிக்கைகளை எடையிட்டுச் சேர்த்து அடுத்த வாரத்தைக் கணிக்கும் முறையே 'எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங்'. அதற்கு அடுக்குக்குறிச் சீராக்கம் பொருத்தமான சொல். சீராக்க மாறிலி α 0.2 என்றால், இந்த வாரத் தரவுக்கு 0.2 எடை, சென்ற வாரத்துக்கு 0.16, அதற்கு முந்தையதற்கு 0.128. ஒவ்வொரு படியிலும் எடை 0.8 மடங்காகக் குறைவதால், 0.8-இன் அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. பெயர் அங்கிருந்து வந்தது. 1944-இல் அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிகளின் நகர்வைக் கணிக்க ராபர்ட் பிரவுன் இதைப் பயன்படுத்தினார். பிறகு உதிரிபாகத் தேவைக்கும் கொண்டுவந்தார்.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் இந்த எளிய வடிவம் பின்தங்கும். எவ்வளவு என்பதும் தெரியும்: ஏற்றத்தை α-ஆல் வகுத்தால் போதும். வாரம் 100 பார்சல் கூடும் மையத்தில், α 0.2 எனில், கணிப்பு எப்போதும் சுமார் 500 குறைவாகவே நிற்கும். இதைத் தீர்க்க, 1957-இல் சார்லஸ் ஹோல்ட் போக்கையும், அதாவது வாரந்தோறும் ஏறும் அளவையும், தனியாகச் சீராக்கினார்.

```
L = α·Y + (1−α)·(L₀ + T₀)
T = β·(L − L₀) + (1−β)·T₀
அடுத்த வாரம் = L + T
```

L மட்டம், T போக்கு, Y இவ்வார எண்ணிக்கை, β போக்குக்கான சீராக்க மாறிலி. L₀, T₀ சென்ற வார மதிப்புகள். மட்டம் 4000, போக்கு 100 என்றால் கணிப்பு 4100. வந்ததோ 4250. α 0.2, β 0.1 எனில் மட்டம் 4130, போக்கு 103, அடுத்த கணிப்பு 4233. ஒரே வாரத்து 150 மிகை போக்கை 3 மட்டுமே நகர்த்தியது. β-வைச் சிறிதாக வைப்பதே இதற்காகத்தான். தீபாவளி வாரத்தை அப்படியே ஊட்டினால் போக்கு வீங்கிப் பல வாரம் மிகையாகக் கணிக்கும். அந்த வாரத்தைத் திருத்திய எண்ணோடு ஊட்டுங்கள்.

α, β மாறிலிகளைப் பழைய தரவில் ஓட்டிப் பார்த்து, அடுத்த வாரக் கணிப்பின் பிழைவர்க்கக் கூட்டல் எந்த இணைக்குச் சிறிதோ அதை எடுக்கலாம். தேர்ந்த இணையை ஒதுக்கி வைத்த கடைசி வாரங்களிலும் சோதியுங்கள். α 1-ஐ ஒட்டி வந்தால் மகிழ வேண்டாம்; பருவ ஏற்ற இறக்கம் போன்ற ஏதோ ஒன்று சூத்திரத்தில் விடுபட்டிருக்கலாம்.

கணிப்பு ஒருபக்கம் சாய்கிறதா என்று காட்டுவது 'டிராக்கிங் சிக்னல்'. தமிழில் தடங்காண் குறி எனலாம். பிழைகளின் கூட்டலைச் சராசரி முழுமை விலக்கத்தால், அதாவது குறி நீக்கிய பிழைகளின் சராசரியால் வகுக்க வேண்டும். பிழை என்பது வந்ததிலிருந்து கணித்ததைக் கழித்தது. ஐந்து வாரப் பிழைகள் 60, 80, −20, 90, 70 எனில் கூட்டல் 280, சராசரி விலக்கம் 64, குறி 4.4. வழக்கமான எல்லை ±4. நேர்க்குறியில் தாண்டியதால் கணிப்பு தொடர்ந்து குறைவு, வண்டி பற்றாது.

எல்லாப் பிழையும் ஒரே பக்கம் இருந்தால் குறி வாரங்களின் எண்ணிக்கைக்கே சமமாகும். எனவே தொடக்கத்தில் மூன்று வாரம் எவ்வளவு மோசமாகச் சாய்ந்தாலும் மணி அடிக்காது. அடித்ததும் காரணம் தேடுங்கள்: புதிய வாடிக்கையாளரா, புதிய பின்கோடா? திருத்தியபின் கூட்டலைப் பூஜ்ஜியமாக்காவிட்டால், பழைய பிழை உள்ளே தங்கி, சரியான கணிப்பையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்.